பாக்ஸுக்குள் பாக்ஸ் மாட்டினால் ஏன் சுடுகிறது? பல சாதனங்களைப் பாதுகாப்பாக மாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

செல்லூர், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று மதுரையின் பழைய பகுதிகளில் நிறைய வீடுகளைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வீடுகளின் சமையலறையில் பெரும்பாலும் ஒரே ஒரு சுவிட்ச் போர்டுதான் இருக்கும். அதில் ஒரு லைட் சுவிட்ச், ஒரு சின்ன பிளக் பாயின்ட், அவ்வளவுதான். வீடு கட்டிய காலத்தில் அந்தப் பாயின்ட்டில் மாட்ட மிக்ஸியைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது. இன்றைக்கு அதே பாயின்ட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்தப் பாக்ஸில் இன்னொரு பாக்ஸ் என்று நீண்டு, ஃப்ரிட்ஜ் முதல் இண்டக்ஷன் அடுப்பு வரை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

அப்படி ஒரு சமையலறையையே எடுத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு சூடு உண்டாகிறது, அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் விழுவதில்லை, எந்த வரிசையில் இதைச் சரிசெய்வது என்று பார்க்கலாம். ஹாலில் டிவியும் ஏர்கூலரும் அயர்ன் பாக்ஸும் ஒரே பாக்ஸில் தொங்கினாலும் கணக்கு இதேதான்.

எடுத்துக்கொள்ளும் வீடு

சுவரில் 6 ஆம்ப் சின்ன பாயின்ட் ஒன்று. கடையில் பலர் இதை "5 ஆம்ப்" என்றே கேட்பார்கள். அதில் 3 மீட்டர் வயர் உள்ள முதல் பாக்ஸ். முதல் பாக்ஸில் ஃப்ரிட்ஜும் (ஓடும்போது சுமார் 150 வாட்) மிக்ஸியும் (750 வாட்) மாட்டியிருக்கின்றன. மூன்றாவது ஓட்டையில் இரண்டாவது பாக்ஸ். அதில் ரைஸ் குக்கர் (700 வாட்), எலெக்ட்ரிக் கெட்டில் (1500 வாட்).

காலை ஏழு மணிக்குக் குக்கரில் சாதம் வேகிறது, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது, மிக்ஸியில் சட்னி அரைபடுகிறது, ஃப்ரிட்ஜும் ஓடுகிறது. மொத்தம் 3100 வாட். ஆம்ப் கண்டுபிடிக்க வாட்டை 230-ஆல் வகுத்தால் போதும். 3100-ஐ வகுத்தால் ஏறக்குறைய 13.5 ஆம்ப் வருகிறது.

அந்த 13.5 ஆம்பும் எங்கே ஓடுகிறது என்பதுதான் விஷயம். இரண்டாவது பாக்ஸின் வயரில் குக்கருக்கும் கெட்டிலுக்கும் உரிய 9.6 ஆம்ப் மட்டுமே போகிறது. முதல் பாக்ஸின் வயரிலும், அதைச் சுவரில் செருகியிருக்கும் பிளக்கிலும், சுவர் பாயின்ட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டிலும் முழுசாக 13.5 ஆம்ப் போகிறது. அந்தப் பிளக்கும் பாயின்ட்டும் 6 ஆம்புக்குச் செய்தவை. எத்தனை பாக்ஸ் சேர்த்தாலும் எல்லாச் சுமையும் அந்த முதல் பிளக் வழியாகத்தான் போயாக வேண்டும். பாக்ஸைக் கூட்டினால் ஓட்டைகள் கூடும், மின்சாரம் வரும் வழி கூடாது.

சூடு எங்கிருந்து வருகிறது

வயரில் உண்டாகும் சூடு, ஓடும் ஆம்பின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். ஆம்ப் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 6 ஆம்ப் போக வேண்டிய இடத்தில் 13.5 போனால் சூடு ஐந்து மடங்கு.

சாதாரணப் பாக்ஸில் வரும் 0.75 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 26 ஓம் மின்தடை. 3 மீட்டர் வயரில் போக 3, திரும்பி வர 3 என்று 6 மீட்டர் செம்பு இருக்கிறது. அதன் மின்தடை 0.156 ஓம். 6 ஆம்ப் போகும்போது வயர் முழுவதிலும் சேர்த்து 5.6 வாட் சூடுதான் உண்டாகும், கையில் தெரியாது. 13.5 ஆம்ப் போனால் 28 வாட். வயர் தரையில் நீட்டிக் கிடந்தால் இந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். சுருட்டிக் கட்டி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தால் கலைய வழியில்லை. அந்தச் சுருளுக்குள் பி.வி.சி. உறை இளகத் தொடங்கும். சாதாரண பி.வி.சி. உறை தாங்கும் எல்லை 70 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் மதுரைச் சமையலறை தானாகவே 40 டிகிரியில் இருக்கும்போது, வயர் சூடேற மிச்சம் 30 டிகிரிதான். கார்த்திகை மாதத்தில் தாங்கிய அதே சுமை மே மாதத்தில் தாங்காமல் போவது இதனால்தான்.

ஆனால் பெரும்பாலான பாக்ஸ்கள் முதலில் எரிவது வயரில் அல்ல, பின் செருகும் இடத்தில். பிளக்கின் பின்னை இரண்டு பித்தளைத் தகடுகள் ஸ்பிரிங் போல இறுக்கிப் பிடிக்கின்றன. பிடி இறுக்கமாக இருக்கும்வரை அங்கே மின்தடை மிகக் குறைவு. பிடி தளர்ந்தாலோ, தகட்டில் எண்ணெய்ப் புகையும் களிம்பும் படிந்தாலோ, பின் முழுப் பரப்பிலும் தொடாமல் ஒன்றிரண்டு புள்ளிகளில் மட்டும் தொட்டு நிற்கும். அந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், 13.5 ஆம்புக்கு அங்கே மட்டும் 18 வாட் சூடு உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடைகளில் ஈயம் உருக்கும் சின்ன பற்றவைப்புக் கோல் 25 வாட்தான். வயரின் 28 வாட் மூன்று மீட்டர் நீளத்துக்குப் பரவுகிறது. இந்த 18 வாட்டோ விரல் நகம் அளவு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது.

இனி நடப்பது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். சூட்டில் பித்தளைத் தகடு ஸ்பிரிங் தன்மையை இழக்கிறது. பிடி தளர்கிறது. மின்தடை கூடுகிறது. அடுத்த நாள் அதே சுமைக்கு முந்தைய நாளைவிடச் சூடு அதிகம். பாக்ஸுக்குள் பாக்ஸ் மாட்டும்போது இப்படிப்பட்ட இணைப்புகள் ஒவ்வொரு பாக்ஸுக்கும் இரண்டு கூடுகின்றன, பேஸ் பின்னில் ஒன்று, நியூட்ரல் பின்னில் ஒன்று.

"இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேள்விக்குப் பதில் நேரத்தில் இருக்கிறது. கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க நான்கு நிமிடம் போதும். மிக்ஸி இரண்டு மூன்று நிமிடம். 13.5 ஆம்ப் போவது தினமும் அந்தச் சில நிமிடங்கள்தான். தகடு சூடேறி முழுச் சூட்டுக்குப் போவதற்குள் கெட்டில் தானாக அணைந்துவிடுகிறது. ஒருநாள் கேஸ் தீர்ந்து, கெட்டில் இருந்த இடத்தில் 1800 வாட் இண்டக்ஷன் அடுப்பை மாட்டிக் குழம்பு வைக்கிறார்கள் என்று வையுங்கள். இண்டக்ஷனும் குக்கரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து 2650 வாட், 11.5 ஆம்ப். காலையில் போனதைவிடக் குறைவுதான். ஆனால் இது விடாமல் அரை மணி நேரம் போகிறது. இரண்டு வருடமாகத் தளர்ந்துவந்த தகடு அந்த அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை

எம்.சி.பி. இருக்கிறது, அதிகமாக இழுத்தால் அதுவே விழுந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதில் மிகவும் ஆபத்தானது. எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் போகும் வயரை. அதற்கு முன்னால் மாட்டியிருக்கும் பாக்ஸின் வயர் எவ்வளவு மெல்லியது, பிளக் எத்தனை ஆம்புக்கானது என்று அதற்குத் தெரியாது.

நம் சமையலறை 16 ஆம்ப் எம்.சி.பி.யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 13.5 ஆம்ப் அதற்கு அதிகமே இல்லை, நாள் முழுக்கப் போனாலும் விழாது. 18 ஆம்ப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது என்பதே அதன் தர விதி. 23 ஆம்பைத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 6 ஆம்ப் பிளக் கருகுவதற்கு இது தாராளமான அவகாசம். பிடி தளர்ந்த இடத்தில் உண்டாகும் சூட்டை எம்.சி.பி. உணரவே முடியாது. ஏனென்றால் அங்கே ஆம்ப் கூடவில்லை, மின்தடைதான் கூடியிருக்கிறது.

ஆர்.சி.சி.பி. இருந்தாலும் இதற்கு உதவாது. மின்சாரம் உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிந்தால் அது விழும். ஓவர்லோடுக்கு விழாது. உயிர் காக்க அது கட்டாயம் வேண்டும், ஆனால் அதன் வேலை வேறு. ஸ்பைக் கார்டு என்று விற்கும் பாக்ஸும் அப்படியே. இடி, திடீர் வோல்டேஜ் ஏற்றம் இவற்றிலிருந்து டிவியைக் காக்கும் பாகம் அதற்குள் இருக்கிறது. அதனால் பிளக்கின் 6 ஆம்ப் எல்லை உயர்ந்துவிடாது.

பழைய வீடுகளில் எம்.சி.பி.க்குப் பதில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதில் ஏதோ ஒரு செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போட்டிருந்தால், அந்த வீட்டில் ஃபியூஸ் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: வயரைப் பின்தொடர்ந்து படம் போடுங்கள்

ஒரு தாளில் சுவர் பாயின்ட்டை வரைந்து, அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்ஸையும், ஒவ்வொரு பாக்ஸிலும் என்ன மாட்டியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் அலமாரிக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் பாக்ஸை விட்டுவிடக் கூடாது. சாதனங்களின் வாட் அளவு அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அழிந்திருந்தால் இந்தத் தோராயம் போதும்: இண்டக்ஷன் 1800 முதல் 2000, கெட்டில் 1500, அயர்ன் பாக்ஸ் 1000, மைக்ரோவேவ் 1200-க்கு மேல், ரைஸ் குக்கர் 700, மிக்ஸி 500 முதல் 750, ஏர்கூலர் 150 முதல் 200, டிவி 100, ரவுட்டரும் செல்போன் சார்ஜரும் பத்து முதல் முப்பது வாட்.

இப்போது முதல் பிளக்குக்குப் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றின் மொத்தத்தை எழுதுங்கள். 6 ஆம்ப் பாயின்ட் தாங்குவது 1380 வாட். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 1100 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மொத்தம் இதைத் தாண்டுகிறதென்றால், அதற்குப் பிறகு எந்தப் பாக்ஸை மாற்றினாலும் பயனில்லை. சுமையைத்தான் பிரிக்க வேண்டும்.

இந்தப் படத்தைப் போட்டதும் தெரியும், தொல்லை கொடுப்பவை சூடாக்கும் சாதனங்கள் மட்டுமே. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், நான்கு சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஆம்ப் வராது. அவற்றை ஒரு பாக்ஸில் மாட்டுவதில் தவறில்லை. அவற்றுக்காக இரண்டு பாக்ஸைக் கோத்து வைத்தால், காலியாக இருக்கும் ஓட்டையில் நாளைக்கு யாரோ அயர்ன் பாக்ஸைச் செருகுவார்கள் என்பதுதான் பயம்.

படி 2: கையால், கண்ணால், மூக்கால் சோதியுங்கள்

வழக்கமான காலைச் சமையலை முடியுங்கள். முடிந்ததும் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து வெளியே எடுத்து, பின்களைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. மூன்று விநாடி கூடத் தொட்டுக்கொண்டிருக்க முடியவில்லை என்றால், அந்த இணைப்பை இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஒரு பின் மட்டும் சுட்டு மற்றொன்று ஆறியிருந்தால் அது தெளிவான அடையாளம். இரண்டிலும் ஓடுவது ஒரே ஆம்ப்தான். ஒன்று மட்டும் சுடுகிறதென்றால், சுவர் பாயின்ட்டுக்குள் அந்தப் பக்கத் தகடு தளர்ந்திருக்கிறது, அல்லது போர்டுக்குள் அந்த வயரின் ஸ்க்ரூ லூசாக இருக்கிறது. இந்த நிலையில் புதுப் பாக்ஸ் வாங்கினால் புதுப் பாக்ஸின் பிளக்கும் கருகும். சுவர் சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும்.

பின்னின் அடியில் பழுப்பு நிறம், சாக்கெட்டின் ஓட்டை ஓரம் மஞ்சளாகிக் குழிந்திருப்பது, பிளக் தன் கனத்திலேயே தொங்கி வெளியே வருவது, சுமை ஓடும்போது கிர்ரென்ற சத்தம், மிக்ஸி போட்டால் ரவுட்டர் அணைந்து எரிவது, எல்லாமே தளர்ந்த இணைப்பின் அடையாளங்கள்தான். வாடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாக்கெட் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக் சூடேறும்போது கருவாட்டு வாடை போல ஒன்று வரும். சமையலறையில் அதை வேறு எதனோடோ குழப்பிக்கொள்வது சுலபம். மீனே வாங்காத நாளில் அந்த வாடை வந்தால், மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயின்ட்டாக முகர்ந்து பாருங்கள்.

படி 3: எலெக்ட்ரீஷியன் வரும்வரை

முதல் வேலை, இரண்டாவது பாக்ஸைக் கழற்றிவிடுவது. அடுத்தது, சூடாக்கும் எதையும் பாக்ஸில் மாட்டாமல் இருப்பது. நம் சமையலறைக் கெட்டில் தனியாகவே 6.5 ஆம்ப் இழுக்கிறது. சின்ன பாயின்ட்டுக்கு அது ஒன்றே எல்லைக்கு மேல். பெரிய பின்னைச் சின்ன பாயின்ட்டில் மாட்டக் கடையில் கிடைக்கும் கன்வர்ட்டர் பிளக்கைத் தூக்கி எறியுங்கள். கம்பெனிக்காரன் பெரிய பின் வைத்ததே "இதைச் சின்ன பாயின்ட்டில் மாட்டாதே" என்று சொல்வதற்காகத்தான். கன்வர்ட்டர் அந்தத் தடையைத்தான் எடுத்துவிடுகிறது.

வீட்டில் வேறெங்காவது 16 ஆம்ப் பவர் பிளக் இருக்கும். பெரும்பாலும் படுக்கையறையில் ஏ.சி.க்கென்று ஒன்று வைத்திருப்பார்கள். வயரை இழுத்துக்கொண்டு வருவதைவிட கெட்டிலையும் இண்டக்ஷனையும் அந்தப் பாயின்ட்டுக்கு எடுத்துப் போங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக. சமையலறைச் சின்ன பாயின்ட்டில் ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் மட்டும் இருந்தால் 900 வாட், நான்கு ஆம்ப். மிக்ஸி ஓடாத நேரத்தில் குக்கரை அங்கே வைத்தாலும் 850 வாட்தான்.

ஃப்ரிட்ஜ் ஓடும்போது குறைவாக இழுத்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அந்த நேரம் வோல்டேஜ் விழுந்தால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகி, மறுபடி மறுபடி முயன்று சூடேறும். அதனால் ஃப்ரிட்ஜுக்கு நேரடிச் சுவர் பாயின்ட் கொடுப்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாம் அதற்கு அடுத்துதான்.

படி 4: நிரந்தரத் தீர்வு, புது பவர் பாயின்ட்

சமையலறைக்கு, வீட்டு எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி லைன் இழுப்பது ஒன்றே உண்மையான தீர்வு. எலெக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேஸும் நியூட்ரலும் இரண்டரை ஸ்கொயர் செம்பு வயர், கூடவே எர்த் வயர், அந்த லைனுக்கென்று தனியாக 16 ஆம்ப் எம்.சி.பி., முனையில் 6/16 ஆம்ப் சாக்கெட். இந்தச் சாக்கெட்டில் பெரிய பின், சின்ன பின் இரண்டும் மாட்டலாம் என்பதால் கன்வர்ட்டரே தேவைப்படாது.

ஒரே லைனில் இரண்டு சாக்கெட் வைத்தால், இண்டக்ஷனும் (1800) கெட்டிலும் (1500) சேர்ந்து 3300 வாட், 14.3 ஆம்ப். தாங்கும். குக்கரும் சேர்ந்தால் 4000 வாட், 17.4 ஆம்ப், எல்லையைத் தாண்டுகிறது. ஆகவே முடிந்தால் இரண்டு தனி லைன் போடுங்கள், ஒன்றில் இண்டக்ஷன் மட்டும், மற்றதில் கெட்டிலும் குக்கரும். பைப் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது லைனுக்குக் கூடுதலாக ஆவது வயரும் ஒரு எம்.சி.பி.யும் ஒரு சாக்கெட்டும்தான்.

சில விஷயங்களைக் கூட நின்று பார்க்க வேண்டும். பழைய சின்ன பாயின்ட்டிலிருந்தே லூப் அடித்துப் பெரிய சாக்கெட் வைப்பது அடிக்கடி நடக்கும் குறுக்கு வழி. சாக்கெட் பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது அதே மெல்லிய வயர். "எந்த எம்.சி.பி.யை அணைத்தால் இந்தப் பாயின்ட் அணையும்" என்று கேட்டு, அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். அணைத்தால் அந்தப் பாயின்ட் மட்டும் அணைய வேண்டும், சமையலறை லைட் எரிய வேண்டும். இன்னொன்று, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று சொன்னால் அதைக் கழற்றி 25 அல்லது 32 ஆம்ப் போட்டுவிடுவார்கள். வயரைத் தடிமனாக்காமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், இதுவரை பிளக்கில் இருந்த சூடு சுவருக்குள் போய்விடும். கருகுவது கண்ணுக்கே தெரியாது.

வீடு மிகப் பழையதென்றால் உள்ளே அலுமினிய வயர் இருக்கலாம். அது ஸ்க்ரூவின் இறுக்கத்தில் நசுங்கித் தளரும் இயல்புடையது. மெயினிலிருந்து டி.பி. வரை வரும் வயரின் தடிமனையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். கருகிய சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 5: பாக்ஸ் தேவைதான் என்றால் எப்படி வாங்குவது

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் நின்றால் ஒரே மாதிரித் தெரியும் பாக்ஸ்கள் பல விலையில் இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கிறது. முதலில் வயரைப் படியுங்கள். உறையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் வயரின் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத வயரை வாங்க வேண்டாம். சில கடைகளில் வயரை 23/76, 40/76 என்று சொல்வார்கள். முதல் எண் உள்ளே இருக்கும் இழைகளின் எண்ணிக்கை. 23 இழை வயர் முக்கால் ஸ்கொயரைவிடச் சற்றுக் குறைவு. 40 இழை ஒரு ஸ்கொயரைவிடச் சற்று அதிகம். 6 ஆம்ப் பாக்ஸுக்கும் 40 இழையே கேளுங்கள்.

அடுத்தது வயருக்குள் மூன்று கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று ஓட்டை சாக்கெட் வைத்துவிட்டு, இரண்டு கம்பி வயரையும் இரண்டு பின் பிளக்கையும் மாட்டி விற்கும் பாக்ஸ்கள் உண்டு. அதில் எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். ஃப்ரிட்ஜின் உடலில் மின்சாரம் கசிந்தால் போக வழியில்லாமல், தொடுகிறவர் மீது பாயும்.

சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் இருந்தால் பிளக்கின் பின்னில் வைத்துப் பாருங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது மேலே முலாம் பூசிய இரும்பு. ஈரப்பதத்தில் துருப்பிடிக்கும். உள்ளே தகடும் அதே இரும்பாக இருந்தால் பிடி சீக்கிரம் தளரும். பிறகு ஒரு பிளக்கைச் செருகிப் பாருங்கள். உள்ளே போகக் கொஞ்சம் அழுத்தம் கேட்க வேண்டும், பாக்ஸைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழக் கூடாது.

பாக்ஸிலேயே ஓவர்லோட் ரீசெட் பட்டன் அல்லது சின்ன எம்.சி.பி. இருப்பதை வாங்குங்கள். வீட்டு எம்.சி.பி. பார்க்க முடியாத எல்லையை இது பார்க்கும். அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்ப், பிளக்கின் ஆம்பைத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டன் அடிக்கடி வெளியே வந்தால் பட்டன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

சூடாக்கும் சாதனத்தைப் பாக்ஸில் மாட்டியே ஆக வேண்டிய சூழல் வரலாம். திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து, மாடியில் சமையல் நடக்கிறது என்று வையுங்கள். அதற்கு 16 ஆம்ப் பெரிய பின் பிளக்கும் குறைந்தது ஒன்றரை ஸ்கொயர் மூன்று கம்பி வயரும் உள்ள பாக்ஸ் வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் நீளம் என்றால் இரண்டரை ஸ்கொயர். சுவரில் 16 ஆம்ப் பாயின்ட்டில் மட்டுமே மாட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சூடாக்கும் சாதனம். சுருளை முழுக்கப் பிரித்து நீட்டி, பாய்க்கு அடியில் போகாமல், கதவு நசுக்காத வழியில் போடுங்கள். நீளம் போதவில்லை என்றால் இன்னொரு பாக்ஸைக் கோக்காமல், தேவையான நீளத்துக்கு ஒரே வயராக வெட்டி வாங்கிப் பாக்ஸ் கட்டச் சொல்லுங்கள். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும் தளர்ந்த பின்னைப் போலவே சூடேறும்.

படி 6: மாற்றியபின் மறுபடி அளந்து பாருங்கள்

நம் சமையலறையை இப்போது பாருங்கள். சின்ன பாயின்ட்டில் நேரடியாக ஃப்ரிட்ஜ் மட்டும், 150 வாட். ஒரு புது லைனில் இண்டக்ஷன், 1800 வாட், ஏறக்குறைய 8 ஆம்ப். இன்னொரு புது லைனில் கெட்டிலும் குக்கரும், 2200 வாட், 9.6 ஆம்ப். மிக்ஸிக்கு அந்த இரண்டாவது லைனிலேயே மூன்றாவது சாக்கெட் வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து ஓடும்போது 2950 வாட், 12.8 ஆம்ப். எந்தப் பிளக்கிலும் அதன் எல்லைக்கு மேல் போகவில்லை. பாக்ஸே இல்லை.

முதல் வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம் சமைத்தபின் ஒவ்வொரு பாயின்ட்டையும் படி 2-இல் சொன்னபடி தொட்டுப் பாருங்கள். புதிய சாக்கெட் சுட்டால் பெரும்பாலும் பின்னால் ஸ்க்ரூ சரியாக இறுகவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இறுக்கச் சொன்னால் போதும். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, வெயில் காலம் தொடங்கும் முன் பார்த்தால் சரி.

புகை வந்துவிட்டால்

பாக்ஸிலிருந்து புகையோ தீப்பொறியோ வந்தால் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். இளகிய பிளாஸ்டிக்குக்குள் மின்சாரம் பாயும் தகடு கைக்குத் தட்டுப்படும். மெயின் சுவிட்சை அணைப்பதுதான் முதல் வேலை, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலைக் கொட்டலாம், உலர் தூள் தீயணைப்பான் இருந்தால் அடிக்கலாம். பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இருந்தால், எட்ட முடியும் என்றால் மட்டும் ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் 101-க்கு அடியுங்கள்.

தீ அணைந்தபின் அந்தப் பாக்ஸையும், அது மாட்டியிருந்த சுவர் சாக்கெட்டையும், சாக்கெட்டுக்குப் பின்னால் உறை கருகிய வயரின் நீளத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வெளியே பார்க்கக் கருகியது ஒரு விரல் அளவு என்றாலும், பைப்புக்குள் வயர் உறை எவ்வளவு தூரம் விறைத்து வெடித்திருக்கிறது என்று இழுத்துப் பார்த்தபிறகே அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.